ஏர் ஃப்ரெஷ்னரை மாற்றினால் தலைவலி போகுமா?

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன். ஏசி போட்டதும் ஒரு மக்கிய வாடை வந்ததால், ஏசி வென்ட்டில் செருகும் திரவ ஏர் ஃப்ரெஷ்னர் மாட்டினேன். எனக்கு இப்போது எந்த வாசனையும் தெரிவதில்லை. ஆனால் என் மனைவிக்குக் காரில் ஏறிய கால் மணி நேரத்தில் தலை வலிக்கிறது. விலை கூடிய பிராண்டாக வாங்கினால் சரியாகுமா, வேறு ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: பிராண்டை மாற்றிப் பயனில்லை. உங்கள் இருவரில் உங்கள் மனைவியின் மூக்கை நம்புங்கள். ஒரே வாசனையில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். தினமும் ஓட்டுபவருக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். "வாசனையே வரவில்லையே" என்று மூடியை இன்னும் கொஞ்சம் திறந்து வைப்பார், அல்லது இன்னும் தீராத குப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டுவார். காற்றில் வாசனைப் பொருள் கூடிக்கொண்டே போகும், அவருக்கு மட்டும் தெரியாது. நீங்கள் மூடியைத் திருகிக் கூட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இது எவ்வளவு சின்ன இடம் என்பதைக் கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஒரு சாதாரணக் காரின் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 3 கன மீட்டர்தான். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கும். அறைக்கு அளவான வாசனை காருக்குப் பன்னிரண்டு மடங்கு. 10 மில்லி குப்பி 60 நாள் வரும் என்று அட்டையில் போட்டிருந்தால், நாளொன்றுக்கு மூன்று சொட்டுதான் ஆவியாக வேண்டும். உங்கள் குப்பி எத்தனை நாளில் தீர்கிறது? மாட்டிய தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். 25 நாளில் தீர்ந்தால் நாளுக்கு எட்டுச் சொட்டு உள்ளே போகிறது என்று அர்த்தம்.

அப்படிச் சீக்கிரம் தீர்வதற்குக் காரணம் வெயில். இந்த வாசனைத் திரவங்களில் பெரும்பாலானவை 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் ஆவியாகும். நிழலில் 25 டிகிரியில் இருக்கும் கார் வெயிலில் 55 டிகிரிக்குப் போனால் ஏழெட்டு மடங்கு. வெயிலில் மூடிக் கிடக்கும் கார் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். டாஷ்போர்டு அதற்கும் மேலே போகும். ஆவியானது வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும். அந்தக் கதவைத் திறந்து உட்கார்ந்து, சீக்கிரம் குளிரட்டும் என்று உள்காற்றையே சுழற்றும் ரீசர்க்குலேஷன் பொத்தானையும் அழுத்துகிறோம். தேங்கியதே திரும்பத் திரும்ப முகத்தில் வந்து வீசும். போதாக்குறைக்கு நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவும் அதே காற்றில் சேர்கிறது. நான்கு பேர் அரை மணி நேரம் ரீசர்க்குலேஷனில் போனால் வாசனையே இல்லாவிட்டாலும் தலை கனக்கும்.

இனி வலிக்கு வருவோம். மூக்கில் வாசனையை உணரும் நரம்பு ஒன்று, எரிச்சலையும் காரத்தையும் உணரும் முக்கிளை நரம்பு இன்னொன்று. வெங்காயம் நறுக்கும்போது கண்ணைக் கரிக்க வைப்பது இரண்டாவது. நெற்றியிலும் மூளையைச் சுற்றியுள்ள உறையிலும் எழும் வலியை மூளைக்குச் சொல்வதும் அதே நரம்பு. வாசனைப் பொருள் அடர்த்தியாகும்போது அதைத் தூண்டிவிடும். ஒற்றைத் தலைவலி வரும் உடம்பாக இருந்தால் அந்தத் தூண்டலே ஒரு வலியைக் கிளப்பிவிடப் போதும். உங்கள் மனைவிக்கு மற்ற நாட்களிலும் அப்படி வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு "பொறுத்துக்கொண்டால் பழகிவிடும்" என்ற ஆலோசனை எடுபடாது.

முதலில் காரணம் ஏர் ஃப்ரெஷ்னர்தானா என்று உறுதிசெய்து கொள்ளுங்கள். இங்கே பலரும் தவறுவது ஓர் இடத்தில். இன்று கழற்றிவிட்டு, நாளை ஓட்டிப் பார்த்து, "அப்போதும் வலிக்கிறதே" என்று திரும்ப மாட்டிவிடுவார்கள். இத்தனை நாள் வந்த ஆவி இருக்கை நுரைக்குள்ளும் கூரைத் துணியிலும் ஊறிக் கிடக்கும். குப்பி போன பிறகும் வெயில் ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஆகவே கழற்றியபின், கார் சூடாக இருக்கும் ஒரு நாளில் நான்கு கதவையும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். வென்ட் துடுப்புகளையும் டாஷ்போர்டையும் சோப்பு நீர் தொட்ட துணியால் துடையுங்கள், அந்தத் திரவம் பிளாஸ்டிக்கில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும் (சிந்தினால் டாஷ்போர்டின் மேற்பூச்சையே கரைத்துவிடும், அது வேறு). இரண்டு வாரம் இப்படி, ரீசர்க்குலேஷன் இல்லாமல், வெளிக்காற்றில் ஓட்டுங்கள். தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள்: எத்தனை நிமிடம் ஓடியது, வலித்ததா. வலி படிப்படியாகக் குறைந்தால் விடை கிடைத்துவிட்டது.

குறையவே இல்லை, உங்களுக்கும் வலிக்கிறது, காரைவிட்டு இறங்கினால் சரியாகிறது என்றால் விஷயம் வேறு. புகைக்குழாயில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், குமட்டல்தான் அறிகுறி. அந்த நிலையில் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் புகைவழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த மக்கிய வாடை. நீங்கள் ஆரம்பித்ததே அதில்தானே. ஏர் ஃப்ரெஷ்னர் அதைப் போக்கவில்லை, மேலே போர்வை போட்டிருக்கிறது. ஏசி ஓடும்போது டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள குளிர்கம்பிச் சுருளில் தண்ணீர் கோக்கும். நிறுத்தியபின் அந்த ஈரம் இருட்டில் அப்படியே நிற்கும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் நல்ல இடம். ஏசி போட்ட முதல் சில விநாடிகள் மட்டும் வாடை கடுமையாக வந்து பிறகு மட்டுப்பட்டால் அது அங்கிருந்துதான். வீட்டை அடைய மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது ஏசி பொத்தானை மட்டும் அணைத்து, விசிறியைக் கூட்டி, வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். சுருள் காய்ந்துவிடும். கொஞ்ச நாள் இப்படிச் செய்தும் வாடை நிற்கவில்லை என்றால் சுருளில் நுரை அடித்துக் கழுவும் வேலையைப் பட்டறையில் கேளுங்கள்.

அதற்கு முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் பெரும்பாலான கார்களில் கேபின் ஃபில்டர் இருக்கும். உருவி எடுத்து மோந்து பாருங்கள். கருத்து, இலைத் துணுக்கு சேர்ந்து, நாறினால் அதை முதலில் மாற்றுங்கள். பழைய காரில் முந்தைய உரிமையாளர் அதைத் தொட்டே இருக்க மாட்டார் என்பது என் அனுபவம். அடுத்தது, பக்கத்து இருக்கையின் காலடிக் கம்பளத்தை அடியோடு தூக்கி, கையால் அழுத்திப் பாருங்கள். ஏசித் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருந்தால் தண்ணீர் அங்கேதான் வழியும். புழுக்கமான நாளில் ஏசி ஓடியும் காருக்கு அடியில் சொட்டவில்லை என்றால் குழாயைச் சந்தேகியுங்கள். என் காரில் நான் வாசனையைத்தான் மூன்று மாதம் மாற்றிக்கொண்டிருந்தேன். கம்பளத்துக்கு அடியில் பஞ்சு பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு ஊறியிருந்தது.

வாங்கத்தான் வேண்டும் என்றால் என் முதல் தேர்வு கார்பன் சேர்த்த கேபின் ஃபில்டர். சாதாரண ஃபில்டர் தூசியைத்தான் தடுக்கும். கார்பன் உள்ளதின் மடிப்புகள் சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் இருக்கும், வாடையையும் ஓரளவு பிடிக்கும். விசிறி காற்றை அதன் வழியாகத் தள்ளுவதால்தான் அது வேலை செய்கிறது. கரிப்பைகள் என்று விற்பதில் காற்று தானாக வந்து தொட வேண்டும், அதனால் பலன் மெதுவாகத்தான் தெரியும். மூடிய, பழைய வாடையை அது மட்டுப்படுத்தும். ஊறிய கம்பளத்தோடு அது மல்லுக்கட்ட முடியாது. உறையில் 'ஆக்டிவேட்டட்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் காயவைத்தால் புதிதாகிவிடும் என்பது பாதி உண்மை, ஈரம் போகும். உள்ளே பிடித்த எல்லாமும் போகாது.

துணி இருக்கையில் வாடை இருந்தால் சமையல் சோடாவை மெல்லத் தூவி, ஓர் இரவு விட்டு, வாக்கூம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். ஏசி வென்ட்டுக்குள் மட்டும் போட வேண்டாம்.

ஏர் ஃப்ரெஷ்னர் போர்வை போட்டதால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் இந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். இனிப்பான வாடை வந்து கண்ணாடி உட்புறம் எண்ணெய்ப் பிசுக்காக மங்கினால் ஹீட்டரில் கூலன்ட் கசிகிறது. பெட்ரோல் வாடைக்கும் கருகிய வாடைக்கும் எந்தப் பொருளும் வாங்க வேண்டாம், நேராகப் பட்டறைதான்.

கேள்வி: ரசாயனம் இல்லாத இயற்கை எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டு வைக்கலாமா?

பதில்: இயற்கை என்ற சொல்லை மூக்கு படிப்பதில்லை. எலுமிச்சைத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீனும், லாவெண்டர் எண்ணெயின் லினலூலும் கடையில் விற்கும் குப்பியிலும் இருக்கும் அதே பொருட்கள். தாவரத்திலிருந்து எடுத்தாலும் அளவு கூடினால் தலைவலிதான். அளவு உங்கள் கையில் இருக்கிறது என்பதே பஞ்சின் நன்மை. ஒரு சொட்டு, மூடியுள்ள சிறு டப்பாவில் வைத்து, ஓட்டும்போது மட்டும் சிறிது திறந்து, நிறுத்தும்போது மூடி எடுத்துச் சென்றுவிடுங்கள். வெயிலில் வெந்துகொண்டிருக்கும் காரில் எதையும் விட்டுப் போகாதீர்கள். பூச்சி உருண்டையை வாசனைக்காகப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதில் உள்ள நாப்தலின் ஆவியை மூடிய இடத்தில் சுவாசிக்கக் கூடாது, குழந்தைகள் இருந்தால் இன்னும் ஆகாது.

எவ்வளவு போதும் என்பதை முடிவு செய்யும் வேலையை ஓட்டுபவரிடம் விடாதீர்கள். காரில் இல்லாத ஒருவரை வெளியிலிருந்து வந்து உட்காரச் சொல்லுங்கள். "ஏதோ வாசனை வருகிறதே" என்று அவர் யோசித்துச் சொன்னால் சரி, ஏறியதும் சொல்லிவிட்டால் பஞ்சை வெளியே எடுங்கள்.