நோக்க அறிக்கை பக்திக் கட்டுரையாகிவிட்டதா?

"டர்பனில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். சமயவியல் முதுகலைக்கு எழுதிய நோக்க அறிக்கையை ஒரு விரிவுரையாளர் படித்துவிட்டு, 'பக்திக் கட்டுரை மாதிரி இருக்கிறது' என்கிறார். எதை மாற்றுவது?"

முதல் பத்தியை. சின்ன வயதுக் கோயில் நினைவுகளை எடுத்துவிட்டு, ஆராயப்போகும் கேள்வியை அங்கே வையுங்கள்.

சமயவியலையும் இறையியலையும் ஒன்றாக நினைத்து எழுதியிருப்பீர்கள் என்று படுகிறது. சமயவியலில் உங்கள் நம்பிக்கைக்கு மதிப்பெண் கிடையாது, குறைப்பதும் இல்லை. கேள்வியைத்தான் பார்ப்பார்கள்.

உதாரணத்துக்கு, டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளியன்று கூட்டம் அலைமோதுகிறதே, அம்மன் விழா எப்படி ஈஸ்டர் விடுமுறையில் வந்து உட்கார்ந்தது? கரும்புத் தோட்டத்தில் அன்றைக்குத்தான் லீவு என்பார்கள். சரி, அதைக் கோயிலின் பழைய கணக்கும் அழைப்பிதழும் உறுதிப்படுத்துகின்றனவா? இது ஆராயக்கூடிய கேள்வி.

உங்கள் வேலையும் இங்கேதான் வரவேண்டும். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், சாதி, சொந்த ஊர் எல்லாம் இருக்கின்றன. ஒரே ஊர் பல எழுத்துக்கூட்டலில் வரும். அதைச் சீர்செய்து, எந்த மாவட்டத்தார் எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள் என்று பார்ப்பேன் என எழுதுங்கள். "கோடிங் அலுத்துவிட்டது" வேண்டவே வேண்டாம்.

ஒரு சோதனை: சாமி நம்பிக்கை இல்லாதவரும் இதே கேள்வியை எடுத்து ஆராய முடியுமா? முடியாதென்றால் அது இன்னும் பக்திக் கட்டுரைதான்.

ஆனால் இறையியல் படிப்புக்கு விண்ணப்பித்தால் நம்பிக்கைப் பயணத்தையே கேட்கலாம். அப்புறம், தென்னாப்பிரிக்காவில் முதுகலைக்குப் பொதுவாக, இளங்கலைக்குப் பிறகு படிக்கும் ஹானர்ஸ் பட்டம் வேண்டும். மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் என்றால் முதலில் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.