பயோவைக் காதால் வாசிப்பவர்களுக்காக: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, பார்வையற்ற மாணவர்களுக்குக் கணினி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பதில் தருகிறார்.

கல்முனையில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறேன். பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர், "உங்கள் பக்கத்தின் பெயரே எனக்குக் கேட்கவில்லை" என்றார். பயோவை அப்படியே அனுப்புகிறேன், சேர்.

```
꧁𝓚𝓪𝓵𝓶𝓾𝓷𝓪𝓲 𝓒𝓪𝓴𝓮𝓼꧂
🎂🎂🎂 ௭ங்கள் வீட்டுக் கேக்
✨ 2 நாள் முன் ✨ 📞✅ 🚚❌
```

அவர் சொன்னது சரிதான், தங்கச்சி. முதல் வரியில் நீங்கள் ஆங்கில எழுத்து என்று நினைப்பது ஆங்கில எழுத்தே அல்ல. கணித நூல்களில் ஒரே எழுத்து வெவ்வேறு வடிவத்தில் வெவ்வேறு பொருள் தரும். அந்தத் தேவைக்காக, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் 2001இல் சேர்க்கப்பட்ட குறியீடுகள் அவை. அழகு எழுத்து தரும் தளங்கள் அவற்றை எடுத்து உங்கள் பெயரின் இடத்தில் வைத்துவிடுகின்றன. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் சில கைபேசிகளில் "மெத்தமட்டிக்கல் போல்ட் ஸ்கிரிப்ட் கெப்பிட்டல் கே" என்று ஒவ்வொரு எழுத்தையும் நீட்டி வாசிக்கும், சிலவற்றில் வாயே திறக்காது. உங்கள் வாடிக்கையாளருக்கு நேர்ந்தது இரண்டாவது. இருபுறமும் உள்ள வளைவுகள் ஜாவா மொழி எழுத்தின் அலங்காரக் குறிகள். அவற்றால் யாருக்கும் ஒரு தகவலும் கிடைப்பதில்லை.

இரண்டாவது வரியில் உள்ளது கண்ணில் படாத பிழை. "எங்கள்" என்பதன் முதல் எழுத்து "எ" அல்ல, ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணான "௭". எங்கிருந்தோ பிரதியெடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். வாசிப்பான் அதை "ஏழு" என்று சொல்லும், அல்லது விழுங்கிவிடும்.

என்னை மிகவும் வருத்துவது மூன்றாவது வரிதான். வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை என்பதை லொறிப் படமும் சிவப்புப் பெருக்கல் குறியும் மட்டுமே சொல்கின்றன. எமோஜி வாசிப்பை நிறுத்தி வைத்திருப்பவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அவர் பிறந்தநாளன்று கேக்கை எதிர்பார்த்து வாசலில் காத்திருப்பார். இப்படி எழுதுங்கள்:

```
Kalmunai Cakes
எங்கள் வீட்டுக் கேக். 2 நாட்களுக்கு முன் சொல்லுங்கள்.
ஓடர் தொலைபேசியில் மட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை.
```

பெயரை விசைப்பலகையில் உங்கள் விரலாலேயே தட்டுங்கள். பிறகு ஆண்ட்ராய்ட் கைபேசியின் திரைவாசிப்பானான டாக்பேக்கை இயக்கி, திரையைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள்.

வந்தாறுமூலையில் படிக்கிறேன். இது மென்பொருளின் குறைதானே? வாசிப்பான் அந்த எழுத்துகளைச் சாதாரண எழுத்தாக மாற்றிக்கொள்ள முடியாதா?

பாதி சரி, தம்பி. மாற்ற வழி இருக்கிறது. பைதனில் இரண்டே வரி:

```
import unicodedata
print(unicodedata.normalize("NFKC", "𝓚𝓪𝓵𝓶𝓾𝓷𝓪𝓲"))
```

`Kalmunai` என்றே வரும். விண்டோஸ் கணினிக்கான NVDA வாசிப்பானின் புதிய பதிப்புகளிலும் இதே வேலையைச் செய்யும் ஓர் அமைப்பு உண்டு, ஆனால் பயனர் அதைத் தேடி இயக்க வேண்டும். கைபேசியில் கேட்பவருக்கு அது உதவாது. மேலே சொன்ன "௭" இந்த மாற்றத்திலும் "எ" ஆகாது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை அது முறையான ஓர் எண். தலைகீழ் எழுத்துகள், ஆங்கிலம் போலவே தோன்றும் ரஷ்ய எழுத்துகள் ஆகியவையும் அப்படியே நிற்கும்.

காத்தான்குடி ஆசிரியை. அப்படியானால் எமோஜி ஒன்றுகூட வைக்கக் கூடாதா?

வைக்கலாம். சொல்லின் இடத்தில் வைக்காதீர்கள், வரியின் தொடக்கத்தில் வைக்காதீர்கள், ஒன்றையே அடுக்காதீர்கள். கடைசியில் ஒன்று போதும்.

அழகு எழுத்துக்கு எந்தத் தளம் பாதுகாப்பானது?

எதுவுமில்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

மட்டக்களப்பு நகரில் அச்சகத்தில் தட்டச்சு செய்கிறேன். நிகழ்ச்சிகளுக்குப் பேச்சாளர் அறிமுகங்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து பிடிஎஃப் ஆக அனுப்புகிறோம். எமோஜியும் இல்லை, அலங்காரமும் இல்லை. அது சுத்தமான தமிழ்தானே?

கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. பாமினியில் மட்டக்களப்பு என்று அடிக்கும்போது கோப்பில் சேர்வது இதுதான்:

```
kl;lf;fsg;G
```

இந்தக் கே, எல், அரைப்புள்ளிகளைத்தான் பார்வையற்றவர் கேட்கிறார். தமிழ் ஒரு சொல்கூட அவர் காதில் விழாது. சோதிப்பது எளிது: பிடிஎஃபிலிருந்து ஒரு வரியைப் பிரதியெடுத்துக் குறுஞ்செய்திப் பெட்டியில் ஒட்டுங்கள். அங்கே தமிழுக்குப் பதில் இப்படி ஆங்கில எழுத்து வந்தால் அது யூனிகோட் அல்ல.

அதே அச்சகத்திலிருந்து மீண்டும்: இருபது வருடமாகக் கை பழகிய விசைகள். கலியாணக் கார்ட் செய்கிறவனிடம் யூனிகோடுக்கு மாறு என்றால் வேலை ஓடுமா? வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழ் உடைந்து போகிறது.

உடைவது உண்மை. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அச்சுக்குப் போகும் கார்டைப் பாமினியிலேயே செய்யுங்கள், காகிதத்தில் குறியீடு தெரியாது. கோப்பாக அனுப்பும் அறிமுகத்தை யூனிகோடில் அனுப்புங்கள். விரல் பழக்கத்தையும் விட வேண்டியதில்லை: பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோட் அடிக்கும் விசைப்பலகைகள் உண்டு.

ஏறாவூரிலிருந்து குறுக்கிடுகிறேன். எதற்கு இந்தச் சண்டை? மாற்றியில் போட்டால் ஒரு நொடியில் யூனிகோட் வந்துவிடும்.

வரும், நாநா. ஆனால் மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. அறிமுகத்தில் உள்ள `B.A.` என்ற பட்டம் "டீ.யு." ஆகிவிடும். மாற்றிய பின் பட்டங்களையும் மின்னஞ்சல் முகவரியையும் கையால் திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால் பேச்சாளரை மேடையில் டீ.யு. என்று அறிமுகப்படுத்துவார்கள்.

அச்சகம்: மாற்றித் திருத்தும் நேரத்துக்கு யார் காசு தருவது?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கேட்கும் நிறுவனம் தர வேண்டும் என்பது என் எண்ணம்.

என் கைபேசியில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எந்த எழுத்துரு போடலாம்?

அது உங்கள் கருவியின் சிக்கல், பயோவின் சிக்கல் அல்ல. பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

அக்கரைப்பற்று. பயிற்றுநர் அறிமுகத்தை ஆங்கிலத்தில் குறுஞ்செய்தியாக அனுப்புகிறோம். 120 எழுத்துதான், ஆனால் இரண்டு செய்திக்குக் காசு போகிறது. ஏன்?

உள்ளே எமோஜி ஒன்று இருக்கும். சாதாரண ஆங்கிலம் ஒரு செய்தியில் 160 எழுத்து கொள்ளும். குறுஞ்செய்தியின் வழக்கமான எழுத்து அட்டவணையில் இல்லாத குறி ஒன்று வந்தாலும் முழுச் செய்தியும் வேறு முறைக்கு மாறி, கொள்ளளவு 70 ஆகிவிடும். செய்தி பிரிந்தால் துண்டுக்கு 67. எனவே உங்கள் 120 இரண்டு துண்டாகிறது. பெரும்பாலான எமோஜிகளும் அந்தக் கணித எழுத்துகளும் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு இடம் பிடிக்கும். தமிழ் வழக்கமாக 70 கணக்கில்தான் போகும் என்பதால், தமிழ் அறிமுகத்தை முதலிலேயே சுருக்கி எழுதுங்கள்.

ஹேஷ்டேக்?

ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்குங்கள்: `#KalmunaiCakes`. தமிழில் அடிக்கோடு இடுங்கள்: `#கல்முனை_கேக்`.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பெயரை எழுதினால் அழகாக இருக்கிறதே?

தனித்தனி எழுத்தாக வாசிக்கும். வேண்டாம்.

செங்கலடி. நான் பார்வையற்றவள். நீங்கள் எமோஜியில் கொஞ்சம் கடுமையாக இருக்கிறீர்கள், சேர். தோழியின் பயோவில் மூன்று பூ என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும், அவள் குரலே கேட்டதுபோல் இருக்கும். என்னைத் துரத்துவது அந்தக் கணித எழுத்துகள்தான்.

உங்கள் சொல்லுக்கு என் சொல்லைவிட எடை அதிகம். ஆனால் என் மாணவர்களில் சிலர் எமோஜி வாசிப்பையே நிறுத்திவிட்டார்கள், ஒருவருக்கு ஒரு பூவே அதிகம். தோழியின் பயோவில் மூன்று பூ இருக்கட்டும். கடை, மருந்தகம், வகுப்பு என்று முன்பின் தெரியாதவர்கள் தகவல் தேடி வரும் பயோவில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றுதான் இன்னும் சொல்வேன்.