வரிசை மாறியதும் குழம்பிய 2015a, 2015b

கேள்வி: வேலூரில் பிஎச்டி செய்கிறேன். பாலாற்று மாசு பற்றிய ஆய்வு. ஒரே ஆசிரியரின் மூன்று 2015 கட்டுரைகளை மேற்கோள் காட்டிய வரிசையில் a, b, c என்று போட்டிருந்தேன். கைட் பட்டியலை அகரவரிசைக்கு மாற்றச் சொன்னார். இப்போது எது எதைக் குறிக்கிறது என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: ஏபிஏ முறையில் ஒரே ஆசிரியரின் ஒரே ஆண்டுக் கட்டுரைகளைத் தலைப்பின் அகரவரிசையில் அடுக்கிவிட்டு, அதன் பிறகுதான் எழுத்துப் போட வேண்டும். உரையில் எது முதலில் வந்தது என்பது கணக்கில்லை.

வேர்டில் பட்டியலைத் தேர்ந்தெடுத்து சார்ட் கொடுத்திருப்பீர்கள். அதில் ஒரு பொறி உண்டு. தலைப்புக்கு முன்னால் 2015a இருப்பதால் வேர்டு அந்தப் பழைய எழுத்தை வைத்தே அடுக்கும். பார்வைக்குச் சரியாக இருக்கும், வரிசை பழையதுதான். எழுத்துகளை நீக்கி வெறும் 2015 ஆக்கிவிட்டுச் சார்ட் செய்யுங்கள். ஆங்கிலத் தலைப்பின் தொடக்கத்தில் உள்ள `The`, `A` கணக்கில் வராது. வேர்டுக்கு அது தெரியாது, கையால் பாருங்கள்.

உதாரணத்துக்கு, தலைப்புகள் பாலாறு (a), ஆம்பூர் (b), வாணியம்பாடி (c) என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இனி ஆம்பூர் a, பாலாறு b. வாணியம்பாடி மாறாது. இங்கே ரீப்ளேஸ் ஆல் போட்டு a-வை b ஆக்கி, பிறகு b-யை a ஆக்கினால் இரண்டு கட்டுரைகளும் a ஆகிவிடும். பிரிக்க வழியே இருக்காது.

அதனால் நடுவில் ஒரு தற்காலிகக் குறி வேண்டும். பழைய பிரதியை வேறு பெயரில் சேமித்துவிட்டு இப்படி மாற்றுங்கள்:

```
2015a → 2015PAL → 2015b
2015b → 2015AMB → 2015a
2015c → 2015VAN → 2015c
```

மூன்றையும் முதலில் நடுக்குறிக்கு மாற்றி முடித்த பிறகே வலது ஓரத்தில் உள்ள புதிய எழுத்துக்குப் போக வேண்டும். முதல் சுற்றில் ரீப்ளேஸ் ஆல் வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். வேறொரு ஆசிரியருக்கும் 2015a இருக்கலாம். ஒரே அடைப்புக்குள் 2015a, 2015b என வரும்போது இரண்டாவதற்கு முன்னால் பெயரே இருக்காது. அட்டவணைக்குக் கீழுள்ள ஆதார வரி, அடிக்குறிப்பு இரண்டையும் தனியாகப் பாருங்கள். பெரும்பாலான பிழை அங்கேதான் தங்கும். மாற்றியதும் 2015b, 2015a எனத் தலைகீழாக நிற்கும் இணைகளைத் திருப்பிப் போடுங்கள்.

கைட் இன்னொரு கட்டுரை சேர்க்கச் சொல்லக்கூடும், எனவே கடைசிப் பிரதி வரை PAL, AMB-யோடே விட்டுவைப்பது என் வழக்கம்.

இணை ஆசிரியர் சேர்ந்த கட்டுரைக்கு எழுத்து தேவையில்லை, ஆசிரியர் பட்டியல் அப்படியே ஒன்றாக இருந்தால்தான் போட வேண்டும். ஜோட்டெரோ போன்ற மென்பொருளில் எழுத்து தானாக விழும். ஆனால் ஒரே பெயரை ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் தலைப்பெழுத்தாகவும் உள்ளிட்டிருந்தால் அது இருவர் என்றே எடுத்துக்கொள்ளும்.

சரியா என்று பார்க்கப் பக்க எண்ணே நல்ல சாட்சி. ஆம்பூர்க் கட்டுரை 41–58 பக்கங்களில் இருந்து, உரையில் `2015a, p. 112` என்று நின்றால் அந்த இடம் தவறு. பக்க எண் இல்லாத மேற்கோள்களுக்குக் கட்டுரையைத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.