எக்ஸ்சேஞ்ச் ரசீதில் தெரியாமல் போகும் பணம்

கேள்வி: ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். வீடு வியாசர்பாடியில். வாரம் 500 திர்ஹம் மனைவி கணக்குக்கு அனுப்புகிறேன், ஒவ்வொரு தடவையும் 21 திர்ஹம் பிடிக்கிறார்கள். கூட இருப்பவர், "வங்கிக்குப் போகாம ஆள் மூலமா அனுப்புற உண்டியல்ல போடுங்க, கட்டணமே கிடையாது, ரேட்டும் நல்லா இருக்கும்" என்கிறார். செய்யலாமா? செலவைக் குறைக்க வேறு வழி உண்டா?

பதில்: கொருக்குப்பேட்டைக்காரர் ஒருவரின் கதையைச் சொன்னால் உங்களுக்கு எளிதாகப் புரியும். அபுதாபியில் வெல்டர். போன விடுமுறையில் ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தார். அவரும் வாரா வாரம் 500 அனுப்புகிறவர்தான். கட்டணம் 20 திர்ஹம், அதன்மேல் அந்த நாட்டு வாட் வரி 5 சதவீதம், ஆக 21. மாதம் நாலு தடவைக்கு 84 திர்ஹம். "இது மட்டும்தானே சார் செலவு?" என்று கேட்டார். இல்லை. ரசீதில் தனி வரியாக வராத இன்னொரு செலவும் உண்டு. அது ரேட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் போதும். திர்ஹம் பல வருடங்களாக டாலரோடு கட்டப்பட்ட நாணயம். ஒரு டாலர் என்றால் 3.6725 திர்ஹம், அது மாறுவதில்லை. அதனால் அன்றைய டாலர் ரேட்டை 3.6725ஆல் வகுத்தால் திர்ஹத்தின் சந்தை ரேட் வந்துவிடும். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 23.14. வெல்டருக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்தது 22.90. திர்ஹத்துக்கு 24 பைசா அங்கேயே நின்றுவிட்டது. மாதம் 2,000 திர்ஹத்துக்கு 480 ரூபாய். கட்டணமாகப் போன 84 திர்ஹம் ஏறக்குறைய 1,940 ரூபாய். மொத்தம் 2,400 ரூபாய்க்கு மேல்.

அப்புறம் அவர், "பக்கத்துக் கடையில் கட்டணமே இல்லையாம்" என்றார். ரேட் கேட்டு வரச் சொன்னேன். 22.55. கட்டணம் இல்லை என்று போர்டு வைத்தவர் ரேட்டில் எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அதனால் கட்டணத்தையும் ரேட்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். கையை விட்டுப் போன மொத்தத் திர்ஹத்துக்கு சென்னைக் கணக்கில் எவ்வளவு ரூபாய் விழுந்தது என்று வகுத்துப் பாருங்கள். வெல்டரின் பழைய முறையில் 2,084 திர்ஹம் போய் 45,800 ரூபாய் வந்தது, திர்ஹத்துக்கு 21.98. கட்டணமில்லாக் கடையில் 22.55. மாதம் ஒரே தடவையாக, 23.05 ரேட் கொடுத்த ஒரு எக்ஸ்சேஞ்ச் ஆப் வழியாக 21 திர்ஹம் கட்டி அனுப்பியபோது 22.81. மாதம் 1,750 ரூபாய்க்கு மேல் மிச்சம். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 21,000.

சரி, அப்படியென்றால் ஏன் வாரா வாரம் அனுப்பினார்? மொத்தமாக வந்தால் பத்தாம் தேதிக்குள் கரைந்துவிடும் என்று வீட்டம்மாவே சொன்னாராம். நியாயமான பயம்தான், உங்கள் வீட்டிலும் அதுவாக இருக்கலாம். இதற்கு அவர் செய்த ஏற்பாடு, தன் பெயரில் ஒரு என்ஆர்இ கணக்கு, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் அங்கே சம்பாதிப்பதை இந்திய வங்கியில் போட்டு வைக்கும் கணக்கு. மாதம் ஒரு தடவை பணம் அந்தக் கணக்குக்கு வரும். அங்கிருந்து வாரா வாரம் மனைவி கணக்குக்குப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிட்டார். உள்ளூர் பரிமாற்றம் என்பதால் எக்ஸ்சேஞ்ச் கட்டணம் ஒரு தடவையோடு முடிந்தது. அவசரத்துக்கு யுபிஐயும் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரக எண்ணிலேயே என்ஆர்இ கணக்கை இணைக்கலாம், உங்கள் வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை என்பது கூடுதல் லாபம்.

இப்போது உண்டியல். கட்டணம் இல்லை, ரேட் நல்லது, பணம் வாசலுக்கே வரும், எல்லாம் உண்மைதான். ஆனால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அது குற்றம், பிடிபட்டால் சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள், "யாரு பிடிக்கப் போறாங்க?" என்று. அவர்களுக்கு வேறொரு ஆபத்தைச் சொல்கிறேன். இப்போதெல்லாம் உண்டியல்காரர் ரொக்கமாகக் கொடுப்பதற்குப் பதிலாக உங்கள் மனைவியின் கணக்கில் யாரோ ஒருவர் கணக்கிலிருந்து போட்டுவிடுகிறார். அந்த யாரோ ஒருவர் கணக்கு, ஆன்லைன் மோசடியில் ஏமாந்தவர்களின் பணம் சுற்றி வரும் கணக்காகவும் இருக்கலாம். ஏமாந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தால், போலீஸ் அந்தப் பணம் போன வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வரும். வழியில் இருக்கும் கணக்குகளில் தொகையை முடக்கச் சொல்வார்கள். உங்கள் மனைவியின் கணக்கும் அதில் ஒன்றாகலாம். "இது என் கணவர் அனுப்பியது" என்று சொல்ல அவரிடம் ரசீது இருக்காது. புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால் அலைச்சல் இன்னும் அதிகம்.

பணம் உண்டியல் வழியாக வந்ததா என்று கண்டுபிடிப்பது எளிது. மனைவியின் பாஸ்புக்கைப் பாருங்கள். முறையாக வந்த பணத்தின் வரியில் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் பெயரோ, அதோடு தொடர்பு வைத்திருக்கும் வங்கியின் பெயரோ இருக்கும். முன்பின் தெரியாத ஆளின் பெயரோடு யுபிஐ அல்லது ஐஎம்பிஎஸ் என்று வந்திருந்தால், கடை போர்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த வழியை அன்றோடு விட்டுவிடுங்கள்.

ரேட் ஏறட்டும் என்று சம்பளத்தைப் பிடித்து வைக்கும் பழக்கமும் நம் ஆட்களிடம் உண்டு. வெல்டரும் அதைச் செய்தார். 2,000 திர்ஹத்துக்கு ரேட் 10 பைசா ஏறினால் கிடைப்பது 200 ரூபாய். அதே நேரம் ஊரில் 40,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கியிருந்தார், மாதம் 1,200 ரூபாய் வட்டி. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவரே கணக்குப் போட்டுச் சிரித்தார். எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தில் மிச்சமானதையும் சேர்த்து முதலில் அந்தக் கடனை அடைத்தார். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் ரேட் பார்ப்பதை ஒத்திவையுங்கள்.

மனைவிக்குச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதை அவர் பெயரில் வைப்புநிதியில் போட்டால் அந்த வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும். சேமிப்பாக நிற்கப் போகிற பணத்தை உங்கள் என்ஆர்இ கணக்கிலேயே வைத்திருப்பது மேல்.

கடைசியாக, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் வைத்திருந்த சேமிப்புக் கணக்கு இன்னும் அப்படியே இருந்தால் அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் வரும் பணத்துக்கு வைத்திருக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். சட்டப்படி அது கட்டாயம், பலர் செய்வதில்லை. அடுத்த விடுமுறையில் பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ உள்ள உங்கள் கிளைக்கு பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி, பான் கார்டு, ஷார்ஜா முகவரிக்கு ஒரு சான்று இவற்றின் அசலோடும் நகலோடும் போங்கள். என்ஆர்இ திறப்பதும் பழைய கணக்கை மாற்றுவதும் ஒரே சமயத்தில் கொடுத்துவிடலாம். அதுவரை வாரத்துக்கு ஒன்று என்பதை மாதத்துக்கு இரண்டு என்று குறைத்தாலே கட்டணம் பாதியாகிவிடும்.