எஸ்.பி.எம். தாள்களைப் படிக்கவும் எழுதவும் இ-ரீடர் வாங்கவா, டேப்லெட் வாங்கவா?

கேள்வி: மகள் படிவம் 4 படிக்கிறாள். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். பழைய எஸ்.பி.எம். தாள், டியூஷன் குறிப்பு எல்லாமே பிடிஎஃப்பில்தான் வருகிறது. கைப்பேசியில் பார்த்துக் கண் வலிக்கிறது என்கிறாள். 6 அங்குல இ-ரீடர் கண்ணுக்கு நல்லது என்கிறார்கள். அதை வாங்கவா, 10 அங்குல டேப்லெட் வாங்கவா? 64 ஜிபி போதுமா? பேனாவைத் தனியாக வாங்கிக்கொள்ளலாமா? யூடியூப்பிலேயே உட்கார்ந்துவிடுவாளோ என்று அம்மாவாக எனக்குப் பயமும் இருக்கிறது.

பதில்:

அக்கா, 10 அங்குல டேப்லெட்டையே வாங்குங்கள். நானும் இந்தப் பக்கம்தான், கூடுதல் கணிதமும் வேதியியலும் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மகள் படிக்கப்போவது கதைப் புத்தகம் இல்லை, ஏ4 அளவில் அச்சிட்ட கேள்வித்தாள். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

இ-ரீடர் கண்ணுக்கு இதமானது என்பது உண்மைதான். வெயில் அடிக்கும் வாசலில் உட்கார்ந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரியும், ஒரு முறை சார்ஜ் போட்டால் பல நாள் தாங்கும். நாவல் படிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. ஏனென்றால் இ-புத்தகத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் அடங்கும். பிடிஎஃப் அப்படி மடியாது. அது அச்சான பக்கத்தின் படம் மாதிரி. பெரிதாக்கினால் பக்கத்தின் ஒரு மூலைதான் திரையில் நிற்கும், மீதியை விரலால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். இ-இங்க் திரையோ மெதுவாகத்தான் மாறும், ஸ்கேன் செய்த தாளில் ஒவ்வொரு இழுப்புக்கும் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான இ-ரீடர்களில் நிறமும் கிடையாது. வரைபடத்தில் சிவப்புக் கோடு எது, நீலக் கோடு எது என்று கேட்டால் இரண்டுமே சாம்பலாகத்தான் தெரியும்.

அளவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. 6 அங்குல இ-ரீடரின் திரை அகலம் ஏறக்குறைய 9 செ.மீ. அப்படியென்றால் முழுப் பக்கமும் திரையில் தெரியும்போது எழுத்து பாதியைவிடச் சின்னதாக, 40 சதவீதம் அளவில் இருக்கும். தாளில் 10 புள்ளி எழுத்து இருந்தால் திரையில் 4 புள்ளி. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளின் எழுத்தே அதைவிடப் பெரிதாக இருக்கும். 10.4 அங்குல நீளவாக்கு டேப்லெட்டில் அகலம் 13.6 செ.மீ. வரும், பக்கம் 65 சதவீதம் அளவில் தெரியும். ஐபேட் மாதிரி கொஞ்சம் சதுரமான 10.2 அங்குலத் திரையில் 70 சதவீதம். ஒரே அங்குலக் கணக்கு போலத் தோன்றினாலும் ஏ4 தாளுக்குச் சதுர வாக்குத் திரை கொஞ்சம் கூடுதலாக ஒத்துவரும்.

இதைக் காசு செலவில்லாமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மகளிடம் இருக்கும் கூடுதல் கணிதத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு போட்டோஸ்டேட் கடைக்குப் போங்கள். ஏ4-ஐ ஏ5 ஆகச் சிறிதாக்கி ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் அது 71 சதவீதம். 10 அங்குல டேப்லெட்டில் அவள் பார்க்கப்போவது கிட்டத்தட்ட அந்த அளவுதான். அடுக்குக்குறி 2-ஆ 3-ஆ என்று தடுமாறாமல் படிக்கிறாளா என்று பாருங்கள். படித்துவிட்டால் 10 அங்குலம் போதும். சிரமப்பட்டால் இன்னும் பெரிய திரைக்குப் போங்கள், கண்ணாடிக் கடைக்கும் ஒரு முறை அழைத்துப் போங்கள். கைப்பேசியில் கண் வலிக்கிறது என்கிறாளே, அதற்குப் பார்வைக் குறையும் காரணமாக இருக்கலாம்.

திரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த 10 அங்குல டேப்லெட்டுகள் பலவற்றில் 1280 × 800 தான் இருக்கும். அதாவது ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 150 படப்புள்ளி. பெரிய எழுத்துக்குப் பரவாயில்லை, ஆனால் சிறிதாகிப் போன அடுக்குக்குறியை வரைய ஐந்தாறு புள்ளிதான் மிஞ்சும், எண் கலங்கிப் போகும். 1920 × 1200 அல்லது அதற்கு மேல் உள்ளதைப் பாருங்கள். பெட்டியில் "எச்டி" என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாமல் இந்த எண்ணைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

அடுத்தது பேனா. பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "எல்லா டேப்லெட்டுக்கும் பொருந்தும்" என்று பத்துப் பதினைந்து வெள்ளிக்கு விற்கும் பேனாவைத் திரை ஒரு விரலாகத்தான் நினைக்கும். நாம் எழுதும்போது உள்ளங்கை தாளில் பதிந்திருக்கும் இல்லையா? அந்தக் கையையும் திரை இன்னொரு விரலாக எடுத்துக்கொள்ளும். பக்கம் நகரும், குறுக்கே கோடு விழும், பிள்ளை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுவாள். அப்படி நீண்ட நேரம் கணக்குப் போட முடியாது. பேனாவையும் கையையும் பிரித்தறிய வேண்டுமென்றால் டேப்லெட் அந்தப் பேனாவுக்கென்றே செய்யப்பட்டிருக்க வேண்டும்.

ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இது மாறும். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட்டில் எஸ் பென் பெட்டியோடே வருகிறது, அந்தப் பேனாவுக்குச் சார்ஜும் வேண்டாம். அதே நிறுவனத்தின் டேப் ஏ9 பிளஸ் திரை பெரியது, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எஸ் பென் அதில் வேலை செய்யாது. பின்னால் பேனா மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் முடியாது. ஐபேடுக்கு ஆப்பிள் பென்சிலைத் தனியாக வாங்க வேண்டும், எந்த ஐபேடுக்கு எந்தப் பென்சில் என்றும் பார்த்து வாங்க வேண்டும். அதனால் விலையை ஒப்பிடும்போது டேப்லெட், பேனா இரண்டையும் கூட்டியே ஒப்பிடுங்கள்.

கடையில் மகளையே எழுதச் சொல்லுங்கள். உள்ளங்கையை நன்றாகத் திரையில் பதித்து, ஒரு பின்னக் கணக்கைச் சின்ன எழுத்தில் எழுதட்டும். குறுக்குக் கோடு விழக் கூடாது, கோடு பேனா முனைக்குப் பின்னால் இழுபடக் கூடாது. எஸ் பென் மாதிரிப் பேனாவாக இருந்தால் முனையைத் திரையில் படாமல் கொஞ்சம் மேலே பிடித்தாலே ஒரு சின்னப் புள்ளி தோன்றும். அது வந்தால் திரைக்குள் பேனாவுக்கான தகடு இருக்கிறது என்று அர்த்தம். ஐபேட் பலவற்றில் இந்தப் புள்ளி வராது, அங்கே உள்ளங்கைச் சோதனையே போதும்.

64 ஜிபி போதுமா என்றால், மெமரி கார்டு போட இடம் இருந்தால் போதும். 64-இல் சிஸ்டத்துக்கும் கூடவே வரும் செயலிகளுக்கும் 15 முதல் 20 ஜிபி போய்விடும். அவளுக்கு வேண்டிய செயலிகளுக்கு ஒரு 10 ஜிபி வையுங்கள். மிச்சம் 35 ஜிபி. தாள்களும் குறிப்புகளும் அதை நிரப்பாது. ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப் 100 எம்பி இருந்தாலும் 50 கோப்பு சேர்ந்து 5 ஜிபிதான். இடத்தைத் தின்பது வீடியோ. ஒரு மணி நேரப் பாடம் சுமாரான தெளிவில் இருந்தாலே அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை பிடிக்கும். நம் பக்கம் செம்பனைக்கு நடுவில் லைன் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது, அதனால் பாட வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். கோப்பும் வீடியோவும் கார்டுக்குப் போகட்டும். செயலிகளைக் கார்டுக்கு மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐபேடில் கார்டு போடவே இடமில்லை, அதை வாங்கினால் 128 ஜிபி எடுங்கள். கார்டைத் தெரிந்த கடையில் வாங்குங்கள். 20 வெள்ளிக்கு 1 டிபி என்று வருவது போலி. காட்டுவது 1 டிபி, உள்ளே இருப்பதோ கொஞ்சம்தான், அது நிறைந்ததும் புதிதாகப் போடும் கோப்புகள் எல்லாம் கெட்டுப்போகும். கணினியில் H2testw என்ற மென்பொருளை ஓட்டினால் உண்மை அளவு தெரிந்துவிடும்.

வாங்கும் முன் செயலி பற்றியும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் டெலிமா கணக்கு கொடுத்திருப்பார்கள், அதில் கூகல் கிளாஸ்ரூம் இருக்கும். கிண்டில் இ-ரீடரில் அந்தச் செயலியைப் போடவே முடியாது, பேனாவோடு வரும் கிண்டில் ஸ்கிரைபிலும் அப்படித்தான். ஹுவாவே டேப்லெட்டுகள் பேனாவோடு நல்ல விலையில் கிடைக்கின்றன, திரையும் நன்றாக இருக்கும். ஆனால் 2019-க்குப் பிறகு வந்த மாடல்களில் கூகல் சேவைகள் கிடையாது. கிளாஸ்ரூமை உலாவி வழியாகத் திறந்து சமாளிக்கலாம், நம் லைனில் அது சுலபமாக இருக்காது.

இனி யூடியூப். ஆண்ட்ராய்டில் Family Link, ஐபேடில் Screen Time. இரண்டிலும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று வைக்கலாம், இரவில் குறிப்பிட்ட மணிக்குப் பூட்டவும் வைக்கலாம். வைத்த பிறகும் சரியாக நடக்காமல் போவதற்கு இரண்டு காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று, யூடியூப் செயலிக்கு ஒரு மணி நேரம் வைத்துவிட்டு உலாவியை விட்டுவிடுவார்கள். பிள்ளை உலாவியில் அதே தளத்தைத் திறந்துகொள்ளும். Screen Time-இல் தளத்துக்கும் சேர்த்து எல்லை வைக்க வேண்டும், Family Link-இல் உலாவியில் அந்தத் தளத்தையே தடுத்துவிட வேண்டும். மற்றொன்று, இரவு 10 மணிக்குப் பூட்டு விழும்போது கிளாஸ்ரூமும் பிடிஎஃப் செயலியும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும், 11 மணிக்குள் அனுப்ப வேண்டிய வீட்டுப்பாடம் மாட்டிக்கொள்ளும். அந்தச் செயலிகளை மட்டும் எப்போதும் அனுமதிக்கும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

டியூஷன் வீடியோவுக்காக யூடியூப்பைத் திறந்துவிட வேண்டியிருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். பாடம் நடத்தும் ஆசிரியரிடம் வீடியோக் கோப்பையே கேளுங்கள், நானும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கொடுக்கிறேன். கார்டில் இருக்கும் கோப்பை கேலரியில் ஓட்டலாம். யூடியூப் நேரம் முடிந்திருந்தாலும் அது ஓடும், டேட்டாவும் போகாது. உங்கள் மகளுக்கு 16 வயது ஆகப்போகிறது. எல்லையை அவளுக்குத் தெரியாமல் வைக்காமல், பக்கத்தில் உட்கார வைத்து எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம் என்று அவளையே சொல்லச் சொல்லி வையுங்கள்.

அப்புறம், வீட்டில் ஃபைபர் லைன் இல்லை, உங்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான் என்றால், நீங்கள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதுவும் உங்களோடு கிளம்பிவிடும். அப்படியானால் சிம் போடும் மாடலைக் கேளுங்கள், வைஃபை மட்டும் உள்ளதைவிடக் கொஞ்சம் விலை கூடும். ஃபைபர் இருந்தால் அந்தக் காசுக்கு நல்ல உறையும் கார்டும் வாங்கிவிடலாம்.