பொருட்படங்கள் ஒரே தொடராகத் தெரிய ப்ராம்ப்டை எப்படி அமைப்பது?

"கிளிநொச்சியில் பனம்பொருட்கள் விற்கிறோம். ஏஐ தரும் படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கின்றன. ஏன்?"

ப்ராம்ப்ட் என்பது படம் உருவாக்கும் கருவிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் விவரணை. கருவி பொதுவாக ஒவ்வொரு முறையும் தற்செயலான புள்ளிகளிலிருந்து தொடங்குவதால், நீங்கள் சொல்லாமல் விட்டதை அது வெவ்வேறு விதமாக நிரப்பிக்கொள்ளும். ஆகவே மூன்று பகுதிகளை ஒருமுறை எழுதி, அப்படியே திரும்பத் திரும்ப ஒட்டுங்கள்.

```
பொருள்: வட்டப் பனையோலைப் பெட்டி, உள்ளே பழுப்புப் பனங்கட்டித் துண்டுகள்
பாணி: விளம்பரப் புகைப்படம், மணல் நிறப் பின்னணி, கண்மட்டக் கோணம்
ஒளி: இடப்பக்க யன்னல் வெளிச்சம், வலப்பக்கம் மென்னிழல்
```

அடுத்த படத்துக்குப் பெட்டிக்குள் இருப்பதை மட்டும் மாற்றுங்கள். 'ஒடியல்' என்ற பெயர் கருவிக்குப் புரியாமல் போகலாம். "வெளிர்மஞ்சள் நிற, நீளமான காய்ந்த கிழங்குத் துண்டுகள்" என்று தோற்றத்தைச் சொல்லுங்கள்.

பாடசாலையில் வகுப்புப் படம் எடுப்பவர் கமராவையும் வாங்கையும் அசைப்பதில்லை, பிள்ளைகள்தான் மாறுவார்கள். இதுவும் அதேதான்.

பெரும்பாலும் பிசகுவது ஒளி. "அழகான வெளிச்சம்" என்று மட்டும் எழுதினால் நிழல் ஒரு படத்தில் இடமும் மறுபடத்தில் வலமுமாக விழும். படங்களை அருகருகே வைத்து நிழல்களைப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

சொற்கள் மாறாவிட்டால் அதே பெட்டி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பின்னல் ஒவ்வொரு படத்திலும் சற்று மாறும், உங்கள் பெட்டியே வேண்டுமானால் அதன் உண்மையான புகைப்படத்தையும் மாதிரியாகக் கொடுக்க வேண்டும்.