மேசை நடுவே ஒரு கோடு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அக்காவையும் என்னையும் பற்றி எழுதிய கவிதையை இணைத்திருக்கிறேன். பென்சில், போர்வை, ஊஞ்சல், ரிமோட், படிக்கும் மேசை என்று எங்கள் ஐந்து சண்டைகளை வரிசையாகச் சொல்லி, 'அன்று பகையென்று நினைத்ததெல்லாம் இன்று பாசமென்று புரிகிறது' என்று முடித்திருக்கிறேன். படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அந்த முடிவு ஒட்டவில்லை. மேசையை சாக்பீஸால் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டவர்கள் நாங்கள். அவள் விடுதிக்குப் போய்ப் பல மாதம் ஆன பிறகும் நான் என் பாதியில்தான் உட்கார்ந்து படித்தேன். அந்த உணர்ச்சி கவிதையில் வரவே இல்லை. எங்கே தவறுகிறேன்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கவிதையின் முடிவு கடிதத்தில் இருக்கிறது. கண்காணிக்க ஆளில்லாத ஒரு கோட்டை ஒரு பையன் மாதக்கணக்கில் தாண்டாமல் இருக்கிறான். இதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. பாசம் என்ற சொல் அங்கே இல்லை, தேவையும் இல்லை. கவிதையின் கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டு இதை வையுங்கள்.

அப்படி வைத்தால் மற்ற நான்கு சண்டைகளும் போக வேண்டும். ஆளுக்கு ஒரு வரி கிடைத்த சண்டைகள் எந்த வீட்டுக்கும் பொருந்தும், உங்கள் வீடு அவற்றில் தெரியவில்லை. மேசைக்கு மட்டும் இடம் கொடுங்கள். கோட்டைத் தாண்டி உருண்ட ரப்பர் அவளுக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் முழங்கை தாண்டினால் ஸ்கேலால் ஒரு தட்டு. இந்தச் சட்டங்கள் வாசகருக்கு நன்றாகப் பதிந்தால்தான், அவள் போன பிறகும் நீங்கள் அவற்றுக்குக் கட்டுப்பட்டது உறைக்கும்.

அடுத்தது வினைமுற்று. சண்டைகளை 'பிடுங்கினாள்', 'அடித்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு நாள் நடந்ததுபோல இருக்கிறது. தமிழில் எதிர்காலத்தைக் காட்டும் அதே வடிவம், அன்றாடம் நடந்துவந்ததையும் சொல்லும். அதில் எழுதிப் பாருங்கள்:

மேசை நடுவே சாக்பீஸ் கோடு.
தாண்டி உருண்ட ரப்பரை
அவள் எடுத்துக்கொள்வாள்.
தாண்டி வந்த முழங்கையை
நான் ஸ்கேலால் தட்டுவேன்.
"பெரியவதானே, விட்டுக்கொடு" என்பாள் அம்மா.
முழங்கை ஒரு விரற்கடை உள்ளே போகும்.

அவள் விடுதிக்குப் போனாள்.
கோடு அழிந்தது.
நான் என் பாதியிலேயே உட்கார்ந்து படித்தேன்.

'எடுத்துக்கொள்வாள், தட்டுவேன்' என்று ஓடிக்கொண்டிருந்தது 'போனாள்' என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. அந்த நாட்கள் முடிந்துவிட்டதை வினைமுற்றே சொல்லிவிடுகிறது, நாம் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குறுந்தொகை 229ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள், மோதாசனார் பாடியது. இவன் இவள் கூந்தலைப் பற்றி இழுக்கிறான், இவள் இவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடுகிறாள். செவிலித்தாயர் தடுத்தும் நிற்கவில்லை. 'ஏதில் சிறு செரு உறுப மன்னோ' என்கிறது பாட்டு, காரணமில்லாத சின்னச் சண்டை. அந்த 'மன்' கழிந்துபோனதைக் குறிக்கும் இடைச்சொல். அதெல்லாம் அன்றோடு போயிற்று என்பதை ஓரசை சொல்லிவிடுகிறது. அவர்கள் உடன்பிறந்தவர்கள் இல்லை, பின்னால் காதலர்களாக ஆனவர்கள். சேர்த்துவைத்த ஊழைப் புகழ்ந்து அந்தப் பாட்டு முடியலாம். அக்கா தம்பிக்கு அப்படி ஒரு திருப்பம் கிடையாது. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், எந்த நாளில் சண்டை ஓய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு மேசை போன்ற ஒரு பொருள் தேவைப்படுகிறது.

'அன்பு அக்காவே' என்று தொடங்கியிருப்பதையும் மாற்றுங்கள். முதல் வரியிலேயே அன்பு வந்துவிட்டால் பின்னால் வரும் சண்டையை யார் நம்புவார்கள்? கோபம் வந்தால் நம்மில் பலர் அக்கா என்று கூப்பிட மாட்டோம், பெயர்தான், இல்லையென்றால் 'அவ'. அதனால் சண்டை முழுக்க 'அவள்' இருக்கட்டும். 'அக்கா' என்ற சொல்லை ஒரே ஒரு முறை, அவள் போகிற வரியில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று எனக்கு உறுத்தியது. ஐந்து சண்டையிலும் பறிகொடுத்தவர் நீங்கள்தான். உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த நாட்கள் எங்கே? 'விட்டுக்கொடு' என்ற சொல்லை உங்கள் அக்கா எத்தனை முறை கேட்டிருப்பாள்! மேலே எழுதிக் காட்டியதில் அதை ஊகமாகத்தான் சேர்த்தேன். நானும் வீட்டில் மூத்தவன். என் தம்பியைப் பற்றி எழுதிய கவிதையை அவனிடம் படித்துக் காட்டியபோது, "கதவைச் சாத்தினது நீ இல்ல, நான்" என்றான். முப்பது வருடமாக அந்தக் குற்றத்தை நான் சுமந்துகொண்டிருந்தேன். அதே இரவு அந்த வரியைத் திருத்தினேன்.

அச்சுக்கு அனுப்பும் முன் அக்காவுக்கு ஃபோன் போடுங்கள். அந்தக் கோட்டை முதலில் போட்டது யார் என்று கேளுங்கள். நீங்கள் 'அவள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் வேறு பதில் சொன்னால், அதையும் கவிதையில் சேர்த்துவிடுங்கள்.